கணக்கு எண்ணை எதோடு கூட்டிப் பார்ப்பது?

ஊர் ஊராகக் கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளின் ஆபீசில் சாயங்காலமானால் ஒரு வேலை தவறாமல் நடக்கும். வசூலுக்குப் போனவர் அன்றைய பணத்தை வழியிலுள்ள வங்கியில் கட்டிவிட்டு, சலானைப் போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார். கணக்கு எழுதுகிறவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எந்தக் கணக்கில் கட்டியது, ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இந்த வேலையை இப்போது மென்பொருள்களிடம் விடத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் ஒரே சலானில் ரூபாய்ப் பகுதியை நம்புவது போலக் கணக்கு எண்ணை நம்ப முடியாது.

படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கவுண்டரில் சாய்வாகப் பிடித்த படத்தில் சலான் செவ்வகமாக இருக்காது; ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் தெரியும். மென்பொருள் முதலில் தாளின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, அவற்றை இழுத்து நேராக்கும். ஒரு மூலை விரலுக்குள் மறைந்திருந்தால் இந்த முதல் படியே தடுமாறும். அடுத்த தொல்லை வங்கி முத்திரை. ஊதா மை எண்களின் மேல் விழுந்துவிட்டால், நீலப் பேனா எழுத்தை அதிலிருந்து நிறத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம். அதனால் விவரம் தெரிந்த ஆபீஸ்களில் இரண்டு படம் கேட்பார்கள்: கட்டுவதற்கு முன் முழுச் சலான், கட்டிய பிறகு முத்திரை விழுந்த அடிக்கட்டை. அடிக்கட்டையில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும் சலான்களும் உண்டு. நோட்டு விவரம் வங்கியோடு போய்விடுகிறது என்பதால், முதல் படம் இல்லாமல் அதைப் பிறகு எடுக்க வழியில்லை.

நோட்டுப் பட்டியலை வரிசையை வைத்துப் படிப்பதும் ஆபத்து. 200 ரூபாய் நோட்டு வந்தது 2017 ஆகஸ்டில். 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது 2023 மே மாதம். பழைய சலான் கட்டு தீரும்வரை அதே கட்டைத்தான் பயன்படுத்துவார்கள். எனவே ஒரு சலானில் முதல் வரி 2000 ஆகவும் இன்னொன்றில் 500 ஆகவும் இருக்கும். ‘முதல் வரி இது, இரண்டாவது அது’ என்று எண்ணிக்கொண்டு போகும் மென்பொருள் ஒரு வரி தள்ளிப் படித்துவிடும். ஒவ்வொரு வரியிலும் அச்சிட்டிருக்கும் மதிப்பை அது படித்தே ஆக வேண்டும்.

இனி கையெழுத்து. ஒரு சலானில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 500 × 86 = 43,000; 200 × 17 = 3,400; 100 × 34 = 3,400; 50 × 12 = 600; 20 × 9 = 180; 10 × 7 = 70. மொத்தம் 50,650. எழுதியவரின் 3 கொஞ்சம் மூடிக்கொண்டு 8 மாதிரி இருக்கிறது. மென்பொருள் நூறு ரூபாய் வரியில் 34 என்பதை 84 என்று படிக்கிறது. 84 நூறு என்றால் 8,400. பக்கத்தில் இருப்பதோ 3,400. இரண்டில் எது தப்பு? கீழே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். 3,400 என்று வைத்தால்தான் மொத்தம் 50,650 வருகிறது. 8,400 என்றால் 55,650 ஆகிவிடும். ஆக 84 அல்ல, 34.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. ஐந்நூறு வரியின் தொகை 43,800 என்று படிக்கப்பட்டால், எண்ணிக்கையைப் பார்க்காமலே அது தப்பு என்று சொல்லிவிடலாம். ஐந்நூறு நோட்டு மட்டும் வைத்துக்கொண்டு எண்ணூறில் முடியும் தொகை வராது. தொகைக்குப் பின் போடும் ‘/-’ குறியில் சாய்கோட்டை 1 என்று படித்து 34001 ஆக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. அதுவும் இந்த வலையில் சிக்கிவிடும், நூறால் வகுபடாதே.

கூட்டல் சரியாக வந்துவிட்டாலே படித்தது சரி என்று ஆகிவிடாது. எல்லா எண்களையும் எழுதியது ஒரே கை. அவருடைய 7 ஓரிடத்தில் 1 மாதிரி இருந்தால், எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும். 100 × 7 = 700, மொத்தம் 700 என்று ஒரே வரியுள்ள சின்னச் சலானை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் 100 × 1 = 100, மொத்தம் 100 என்று படிக்கும். பெருக்கல் சரி, கூட்டல் சரி, வகுபடுவதும் சரி. பணம் மட்டும் அறுநூறு குறைவு. பல வரியுள்ள பெரிய சலானில் இப்படி எல்லாம் சேர்ந்து தப்பாவது அபூர்வம். சின்னச் சலானைத்தான் சந்தேகப்பட வேண்டும், வழக்கத்துக்கு நேர்மாறாக. இங்கே காப்பாற்றுவது ‘எழுத்தால்’ என்ற வரி. ‘எழுநூறு’ என்பதையும் ‘நூறு’ என்பதையும் மாற்றிப் படிப்பது கடினம். பலரும் வேண்டாவெறுப்பாக நிரப்பும் வரி அதுதான் என்பது வேறு விஷயம்.

கணக்கு எண்ணுக்கு இந்தப் பெருக்கல், கூட்டல் எதுவும் கிடையாது. ஸ்டேட் வங்கி என்றால் 11 இலக்கம். கட்டங்களுக்குள் எழுதும் சலானில், இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டையே 1 என்று படித்து 12 இலக்கமாக்கிவிடுவது உண்டு. நீளத்தை எண்ணினால் அது அகப்பட்டுவிடும். ஆனால் 11 இலக்கத்தில் ஒரு 3 மட்டும் 8 ஆகிவிட்டால், நீளத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது இன்னொருவருடைய கணக்காகவே இருக்கலாம்.

வழக்கமான தீர்வு ஒன்று இருக்கிறது. நிறுவனத்துக்கு இருப்பது மூன்றோ நான்கோ வங்கிக் கணக்கு. அந்தப் பட்டியலை மென்பொருளிடம் கொடுத்துவிட்டால், படித்த எண் எதற்கு மிக நெருக்கமோ அதையே எடுத்துக்கொள்ளும். ஒரு இலக்கம் மாறியிருந்தால் தானே திருத்திவிடும். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

காரணம், இலக்கம் மாறியது எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. அது தப்பாகப் படித்திருந்தால் பணம் ஏற்கெனவே நம் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, பேரேட்டில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். வசூலுக்குப் போனவரே அவசரத்தில் அந்த இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தால்? கேஷியர் எண்ணை அடித்ததும் திரையில் பெயர் வரும். கூட்டம் இல்லாத நேரமென்றால் சலானில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுக் கேட்பார். கூட்டத்தில் விட்டுவிட்டால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிருக்கும். அந்தச் சலானில் எழுதியிருப்பதை உள்ளது உள்ளபடி படித்த மென்பொருள், பட்டியலைப் பார்த்து, நம் கணக்கு எண்ணாகத் ‘திருத்தி’ வைத்துவிடும். பணம் திசைமாறிய செய்தியைச் சொல்லக்கூடிய ஒரே தாள் அதுதான், அதையும் சரிபார்த்தாயிற்று என்று பச்சைக்குறி போட்டுவிடும்.

ஆகவே படித்த எண், பட்டியலில் உள்ள எண் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, மாறுபடும் இலக்கத்தின் படத்தை மட்டும் வெட்டிக் கணக்கரிடம் காட்டும் மென்பொருளே உருப்படியானது. தொகையிலும் இதே முறைதான் சரி. எழுதியவரே 17-ஐ இருபது ரூபாய் வரியில் போட்டிருந்தால், அடித்தல் திருத்தலோடு கேஷியர் போட்ட புதுத் தொகையும் சலானில் இருக்கும். இரண்டும் பதிவாக வேண்டும். கடைசியில் வங்கி ஸ்டேட்மென்டில் அதே தேதியில் அதே தொகை வரவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே வராத சலானின் படத்தை அன்றைக்கே வசூல்காரருக்குத் திருப்பி அனுப்பி, எந்தக் கவுண்டரில், யாரிடம் கட்டினார் என்று கேட்க வேண்டியதுதான்.