படிப்பா, விலகலா?

அவள் சென்னை அண்ணா நகரில் விடுதியில் தங்கி ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறாள். அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். முன்பெல்லாம் இரவில் மணிக்கணக்கில் பேசியவள் இப்போது "படிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று முடித்துக்கொள்கிறாள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. இப்படிப்பட்ட ஜோடிகள் நம்மிடையே நிறைய.

சந்தேகம் வந்தால் முதலில் தேர்வுக் காலண்டரைப் பார்க்கலாம். பிரிலிம்ஸ் பொதுவாக மே கடைசியிலோ ஜூனிலோ வரும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் மாதிரித் தேர்வுகளிலேயே போகும். பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். ஒவ்வொரு தவறான விடைக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் சொதப்பினால் அன்று யாரோடும் பேச்சு வராது. இப்படித் தேர்வைப் பொறுத்துக் கூடிக் குறைகிற இடைவெளிக்குப் பெரும்பாலும் படிப்புதான் காரணம்.

பலர் ஏமாறுவது பிரிலிம்ஸ் முடிந்த வாரத்தில். இனி பழையபடி பேசுவாள் என்று அவன் காத்திருப்பான். அவளோ அன்று மாலையே பயிற்சி மையங்களின் விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, கட்-ஆஃப் ஓரத்தில் நிற்கிறோம் என்று கண்டிருப்பாள். ரிசல்ட் வரும்வரை நிம்மதி கிடையாது. மெயின்ஸுக்கோ ஒன்பது தாள்கள். அந்த வார மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

பேசுகிற அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேச்சு வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "இன்னிக்கு 78தான், அழுகையா வருது" என்று அவள் சொன்னால், அவன் இன்னும் அவளுக்கு நெருக்கமானவன். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பேசலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். "எட்டுக்கு டெஸ்ட் டிஸ்கஷன்டா, ஒன்பதரைக்குக் கூப்பிடறேன்" என்று நேரத்தை மாற்றிச் சொல்பவளுக்கு நேரம்தான் பற்றாக்குறை. மாற்று நேரம் எதுவும் சொல்லாமல் வாரக்கணக்கில் "பார்க்கலாம்" என்றே தள்ளிவிட்டு, விடுதித் தோழிகளோடு மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், அவனது சங்கடத்தைக் கேட்டும் கேளாதது போல இருந்தால், பழியைப் படிப்பின் மேல் போட முடியாது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அவமானம். இரண்டு முறை தவறியவர் தன்மேல் அதிக நம்பிக்கை வைத்தவரிடமிருந்தே முதலில் ஒதுங்குவார். அம்மாவின் போனையும் எடுக்காமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் காதலைப் பற்றிய விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போக வேண்டும்.

தேர்வுக்கு முந்தின வாரம் இதைக் கிளறக் கூடாது. அதற்காக "எல்லாம் முடியட்டும்" என்றும் இருக்க முடியாது; பிரிலிம்ஸிலிருந்து இறுதி முடிவுவரை ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிடும். இடையில் சற்று ஓய்வான ஒரு நாளில், "உனக்கு நேரம் இல்லையா, இல்ல என்கூடப் பேசவே தோணலையா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். கோபமாகவே பதில் வந்தாலும் அடுத்த சில வாரங்களில் அவளாகக் கூப்பிடுகிறாளா என்று பார்க்க வேண்டும்.