தொட்டால் மாறும் மின்னழுத்தம்

ஆய்வக மேசையில் 5 வோல்ட் மின்வழங்கி ஒன்று இருக்கிறது. அதன் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்தால், இரண்டும் சேரும் நடுச்சந்தியில் சரிபாதியாக 2.5 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்தால் 2.38 காட்டுகிறது. ஆசிலோஸ்கோப்பின் புரோப்பை 10 எக்ஸ் நிலையில் வைத்தாலும் 2.38தான். அதே புரோப்பின் விசையை 1 எக்ஸுக்குத் தள்ளினால் 1.67 வோல்ட் ஆகிவிடுகிறது. ரெசிஸ்டர்கள் சரியாக இருக்கின்றன, கருவிகளும் பழுதில்லை. ஒவ்வொரு கருவியும் தான் தொட்ட நேரத்தில் அந்தச் சந்தியில் உண்மையாகவே இருந்த மின்னழுத்தத்தைத்தான் காட்டியது. தொடாதபோது இருந்த மின்னழுத்தம் மட்டும் வேறு.

ஆசிலோஸ்கோப் என்பது மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. சுற்றில் நாம் தொட நினைக்கும் இடத்தையும் கருவியையும் இணைக்கும் கம்பிதான் புரோப். அது வெறும் கம்பி இல்லை என்பதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

புரோப் எடுத்துக்கொள்ளும் பங்கு

பெரும்பாலான ஆசிலோஸ்கோப்களின் உள்ளீட்டில் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். 1 எக்ஸ் நிலையில் அந்த மின்தடை நேராகச் சுற்றின்மேல் வந்து உட்காருகிறது. 10 எக்ஸ் நிலையில் புரோப்பின் தலைக்குள் இருக்கும் 9 மெகாஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்வதால், சுற்று காணும் மின்தடை 10 மெகாஓம் ஆகிறது. கருவிக்குப் போவது பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம்தான் என்றாலும், கருவி அதைப் பத்தால் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

கிணற்றில் ஒரு செம்பு நீர் மொண்டால் மட்டம் இறங்காது. குவளையில் மொண்டால் இறங்கும். மின்வழங்கியின் முனைகள் கிணறு போன்றவை. நம் நடுச்சந்தியோ குவளை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களும் இணையாக நிற்கின்றன. அதாவது, 500 கிலோஓம் மின்தடை வழியாகத்தான் அந்த இடத்துக்கு மின்சாரம் வந்து சேர முடியும். 10 மெகாஓம் புரோப் அங்கே தொட்டதும் 2.5 வோல்ட்டானது 500 கிலோஓமுக்கும் 10 மெகாஓமுக்கும் இடையே பங்கு பிரிகிறது. புரோப்புக்குக் கிடைப்பது 2.38. புரோப் 1 மெகாஓம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, 1.67. இப்படிக் கருவியே சுற்றின்மேல் பாரமாவதைச் சுமை ஏற்றுதல் என்பார்கள்.

சொல்லப்படாத பிக்கோஃபாரட்

மாறாத மின்னழுத்தத்தில் 10 எக்ஸ் புரோப்பின் பிழை ஐந்து சதவீதத்துக்குள் அடங்குகிறது. மாறும் மின்னழுத்தத்தில் நிலைமை வேறு. புரோப்பின் முனையில் மின்தடையோடு இணையாக ஒரு கெப்பாசிட்டரும் இருக்கிறது. 10 எக்ஸில் அது சுமார் 10 பிக்கோஃபாரட். 1 எக்ஸில் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் முழுவதும் சேர்ந்து 100 பிக்கோஃபாரட்டை நெருங்கும். அதிர்வெண் ஏற ஏறக் கெப்பாசிட்டர் மின்னோட்டத்துக்கு எளிதாக வழிவிடும். 1 மெகாஹெர்ட்ஸில் 10 பிக்கோஃபாரட் என்பது ஏறக்குறைய 16 கிலோஓம் தடைக்குச் சமம். புரோப்பின்மேல் அச்சிட்டிருக்கும் 10 மெகாஓம் என்ற எண், மாறாத மின்னழுத்தத்துக்கும் மிகக் குறைந்த அதிர்வெண்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

மின்வழங்கியை எடுத்துவிட்டு, அதே இரண்டு ரெசிஸ்டர்களுக்கு 0 முதல் 5 வோல்ட் வரை தாவும் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுப்போம். பிரெட்போர்டின் உலோகப் பட்டைகளால் நடுச்சந்தியில் ஏற்கெனவே 5 பிக்கோஃபாரட் இருப்பதாகக் கொள்வோம். யாரும் தொடாதபோது அங்கே மின்னழுத்தம் பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறு சதவீதத்துக்கு ஏறச் சுமார் 5.5 மைக்ரோவினாடி ஆகும். 10 எக்ஸ் புரோப் தொட்டால் அது 16 மைக்ரோவினாடி ஆகிவிடும். 1 எக்ஸ் என்றால் 77 மைக்ரோவினாடி வேண்டும். ஆனால் இந்த அலையின் ஒவ்வொரு படியும் நீடிப்பதே 50 மைக்ரோவினாடிதான். ஏறி முடிப்பதற்குள் இறங்கவேண்டி வருவதால், சதுர அலை திரையில் சுறாவின் துடுப்புகளை வரிசையாக அடுக்கியதுபோலத் தெரியும்.

திருகு எதைச் சரிசெய்கிறது

10 எக்ஸ் புரோப்பின் தலையிலோ, கருவியில் செருகும் முனையிலோ ஒரு சிறிய டிரிம்மர் திருகு இருக்கும். அதைத் திருப்புவதுதான் ஈடுசெய்தல். அது எதற்கு ஈடு?

புரோப்புக்குள் 9 மெகாஓம், கருவியில் 1 மெகாஓம். இதுவும் ஒரு ரெசிஸ்டர் இணைதான். அதற்கும் ஒரு நடுச்சந்தி உண்டு. அந்தச் சந்தியில் கேபிளும் கருவியும் சேர்ந்து சுமார் 100 பிக்கோஃபாரட் வைக்கின்றன. அப்படியே விட்டால் புரோப் 1.8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும். அதனால் 9 மெகாஓம் ரெசிஸ்டருக்கு இணையாகச் சுமார் 11 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைக்கிறார்கள். மேலே இருக்கும் மின்தடை ஒன்பது மடங்கு, கெப்பாசிட்டன்ஸ் ஒன்பதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு பொருந்தினால், மெதுவான அலையும் வேகமான அலையும் ஒரே மாதிரி பத்தில் ஒரு பங்காகப் பிரியும். கருவிக்குக் கருவி, ஒரே கருவியில் சேனலுக்குச் சேனல்கூட உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் சற்று மாறும் என்பதால்தான் திருகு தேவைப்படுகிறது. புரோப்பை வேறு சேனலுக்கு மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு வசதியாக ஆசிலோஸ்கோப்பின் முகப்பிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை ஒன்று இருக்கும். புரோப்பை அதில் மாட்டிப் படியின் மூலையைக் கவனியுங்கள். மூலை மழுங்கியிருந்தால் ஈடு குறைவு. கூர்முனையாக மேலே எகிறினால் ஈடு அதிகம். தட்டையாக இருந்தால் சரி. உலோகம் இல்லாத திருப்புளியால் திருப்புவது நல்லது.

இந்தத் திருகு சரிசெய்வது புரோப்பின் முனையிலிருந்து திரை வரையிலான பாதையை மட்டுமே. முனை தொட்டதால் சுற்றுக்கு என்ன ஆனது என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. மிகச் சரியாக ஈடுசெய்த புரோப்பும் நம் நடுச்சந்தியை 16 மைக்ரோவினாடிக்கு மந்தமாக்கி, அந்த மந்தத்தைத் துல்லியமாக வரைந்து காட்டும்.

ஒரே அறிகுறி, இரண்டு காரணங்கள்

ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான் பிறக்கிறது. சுமையாலும் மூலை மழுங்கும். ஈடு குறைந்தாலும் மூலை மழுங்கும். நடுச்சந்தியில் மழுங்கிய அலையைப் பார்த்ததும், புரோப்பை அங்கேயே வைத்துக்கொண்டு, அலை சதுரமாகும் வரை திருகைத் திருப்பத் தோன்றும். திரையில் படம் அழகாகிவிடும், சுற்றில் எதுவும் மாறியிருக்காது. அந்தப் புரோப்பால் அடுத்து எடுக்கும் அளவீடும் கெடும். பல கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பங்கு பிரிப்பதை முடிவு செய்வது கெப்பாசிட்டர்களே என்பதால், சைன் அலையின் உயரம் தவறாக வரும். சைன் அலையில் மழுங்க மூலை இல்லை என்பதால் பிழை கண்ணில் படாது.

இரண்டையும் படத்திலேயே பிரித்தறியலாம். ஈடு குறைந்த புரோப்பில் அலை முதலில் சட்டென்று பெரும்பகுதி தாவிவிடும். மீதியை மட்டும் 100 மைக்ரோவினாடி அளவில் மெதுவாக ஏறி நிரப்பும். சுமையால் மந்தமான அலையில் அந்தத் தாவல் இருக்காது. அடியிலிருந்தே வளைந்து ஏறும். சந்தேகம் இருந்தால் முகப்பு முனைக்குப் போங்கள். அங்கே மூலை தட்டையாக இருந்தால் மழுக்கத்துக்குப் புரோப்பின் ஈடு காரணமில்லை. அது சுற்றின் இயல்பாகவோ சுமையாகவோ இருக்க வேண்டும்.

இரண்டாவது புரோப் சொல்லும் உண்மை

சுற்றின் இயல்பையும் சுமையையும் எப்படிப் பிரிப்பது? அதே சந்தியில் அதே வகைப் புரோப் இன்னொன்றை வையுங்கள். அதன் மறுமுனை கருவியின் இன்னொரு சேனலில் செருகப்பட்டிருக்க வேண்டும். முதல் புரோப்பின் படம் மாறாவிட்டால் சுமை பொருட்டில்லை. மாறினால், முதல் புரோப்பும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏற்கெனவே மாற்றியிருக்கிறது என்று பொருள்.

நம் சந்தியில் ஒரு புரோப்போடு ஏறும் நேரம் 16 மைக்ரோவினாடி, இரண்டோடு 25. ஒன்பது கூடியிருக்கிறது, 16இலிருந்து அதே ஒன்பதைக் கழித்தால் 7. உண்மையான 5.5இலிருந்து அது வெகுதூரம் இல்லை. புரோப்பின் மின்தடையும் சற்றே கணக்கில் நுழைவதாலும், எண்களை முழுமையாக்கியதாலும் சரியாகப் பொருந்தவில்லை.

மாறாத மின்னழுத்தத்துக்கு இந்தக் கணக்கு துல்லியமாகவே வரும். ஆனால் சாதாரண ஆசிலோஸ்கோப்பில் இரண்டு, மூன்று சதவீதப் பிழை இயல்பு என்பதால் அளவை மல்டிமீட்டரில் படிக்க வேண்டும். 10 மெகாஓம் மல்டிமீட்டர் தனியாக 2.381 காட்டும். அதை எடுக்காமல் 10 எக்ஸ் புரோப்பையும் வைத்தால் 2.273க்கு இறங்கும். இங்கே சீராக மாறுவது மின்னழுத்தம் அல்ல, அதன் தலைகீழி. 1/2.381 என்பது 0.42; 1/2.273 என்பது 0.44. ஒரு சுமைக்கு 0.02 கூடுகிறது. சுமையே இல்லாதபோது 0.40 இருக்க வேண்டும்; அதன் தலைகீழி 2.5 வோல்ட்.

கணக்கு போதாதபோது

அலையின் வடிவமே வேண்டும் என்றால் சந்தியைப் புரோப்பால் நேராகத் தொடாமல் இருப்பதே வழி. சுற்றில் அந்தச் சந்திக்கு அடுத்து ஆப்-ஆம்ப் ஏதேனும் இருந்தால் அதன் வெளியீட்டில் அளக்கலாம். இல்லையென்றால் ஜே-ஃபெட் உள்ளீடு கொண்ட டி.எல்.072 போன்ற ஆப்-ஆம்ப் ஒன்றை, உள்ளே வருவதை அப்படியே வெளியே தரும் பஃபராக நாமே இணைக்கலாம். நம் 5 வோல்ட் அலைக்கு அதற்கு ±12 வோல்ட் மின்வழங்கி போதும். அதன் உள்ளீடு 100 பிக்கோஆம்பியர் இழுத்தாலும் 500 கிலோஓமில் 50 மைக்ரோவோல்ட்தான் குறையும். புரோப்பின் 10 பிக்கோஃபாரட்டைச் சுமப்பது பஃபரின் வெளியீடு. சந்தி அதை உணராது.

பஃபருக்கும் சில பிக்கோஃபாரட் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. அது சந்தியோடு சேரத்தான் செய்யும். ஆகவே பஃபரைச் சந்தியை ஒட்டியே, மிகக் குட்டையான கம்பியோடு வைக்க வேண்டும். கோஆக்சியல் கேபிள் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பிக்கோஃபாரட் கூட்டும். பத்து சென்டிமீட்டர் கேபிள் போட்டால் தவிர்க்க நினைத்த புரோப்பையே திரும்பக் கொண்டுவந்ததாகும். அதைவிடக் குறைந்த சுமை வேண்டுமானால், முனையிலேயே ஃபெட் பெருக்கி கொண்ட ஆக்டிவ் புரோப் இருக்கிறது. அதன் கெப்பாசிட்டன்ஸ் ஒரு பிக்கோஃபாரட் அளவுக்கு இறங்கும். விலை அதிகம், தாங்கும் மின்னழுத்தம் குறைவு.

எந்த வழியில் அளந்தாலும், குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் புரோப், எந்த நிலை, எத்தனை பிக்கோஃபாரட் என்று எழுதிவைக்க வேண்டும். 2.38 வோல்ட் என்பது தனியாக நின்றால் தவறான விடை. 10 மெகாஓம் சுமையில் 2.38 என்றால் அது சரியான அளவீடு.