10,551-ல் ஒரு கோடு

2020 ஜனவரி 20 அன்று நிஃப்டி 12,430 புள்ளிகளைத் தொட்டது. மார்ச் 24 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட நாளில், 7,511 வரை இறங்கியது. இரண்டு மாதத்தில் ஐயாயிரம் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பிறகு சந்தை ஏறத் தொடங்கியதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இது நிஜமான மீட்சியா, அடுத்த சரிவுக்கு முன்னால் வரும் சின்னத் துள்ளலா? துள்ளல் என்றால் எதுவரை போகும்?

இந்தக் கேள்விக்காகவே சார்ட் பார்ப்பவர்கள் ஒரு கருவியைக் கையில் எடுக்கிறார்கள். ஃபிபனாச்சி ரிட்ரேஸ்மென்ட் என்பது அதன் பெயர். விழுந்த தூரத்தில் எவ்வளவு பங்கைச் சந்தை திரும்ப ஏறியிருக்கிறது என்று அளந்து காட்டும் கோடுகள், அவ்வளவுதான். 23.6, 38.2, 50, 61.8, 78.6 ஆகிய சதவீதங்களில் அவை விழும். ஃபிபனாச்சி வரிசையில் 34-ஐ அடுத்த எண்ணான 55-ஆல் வகுத்தால் 0.618, அதற்கும் அடுத்த 89-ஆல் வகுத்தால் 0.382. ஐம்பது சதவீதத்துக்கும் ஃபிபனாச்சிக்கும் உறவில்லை. பாதி தூரம் திரும்பி வருவது சந்தையில் சகஜம் என்ற பழைய அனுபவத்தை இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

வரைவதில் மூளையைக் கசக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: எந்த உச்சி, எந்த அடி? இரண்டு பக்கமும் சில நாட்களுக்குத் தன்னைவிடத் தாழ்ந்த உச்சங்கள் இருந்தால் அது ஸ்விங் ஹை. இரண்டு பக்கமும் தன்னைவிட உயர்ந்த அடிகள் இருந்தால் ஸ்விங் லோ. உச்சிக்கு இந்த வரையறை எளிதாகப் பொருந்தும். அடிக்கு அப்படி இல்லை, அது அடிதான் என்பது பின்னால்தான் தெரியும். 2020 மார்ச் 13 அன்று வர்த்தகம் தொடங்கிய சற்று நேரத்தில் நிஃப்டி 8,555-க்கு விழுந்து, வர்த்தகம் முக்கால் மணி நேரம் நிறுத்தப்பட்டு, மாலையில் 9,955-ல் முடிந்தது. அதுவே அடி என்று நம்பிக் கோடு போட்டவருக்கு 61.8 சதவீதம் 10,950-ல் விழுந்திருக்கும். அடுத்த வாரமே அந்த அடி உடைந்தது. 24-ம் தேதி அடியிலிருந்து போட்டால் அதே 61.8 சதவீதக் கோடு 10,551-க்கு வந்துவிடும். அடி உடைந்தால் பழைய கோடுகளை அழித்துவிட வேண்டும். பலர் அழிப்பதில்லை, சார்ட் முழுக்கக் கோடாக வைத்துக்கொண்டு, விலை எதைத் தொட்டாலும் "பார்த்தாயா" என்பார்கள்.

சரிவை அளக்கும்போது முதல் கிளிக் உச்சியில், இரண்டாவது கிளிக் அடியில். அப்போது அடி 0, உச்சி 100. மாற்றிக் கிளிக் செய்தால் 38.2-ம் 61.8-ம் இடம் மாறிக்கொள்ளும். அந்த இரண்டு கோடுகளும் அதே இடத்தில்தான் இருக்கும், அவற்றின் பெயர்ப்பலகை மட்டும் தப்பாகிவிடும். கையாலும் போடலாம். 12,430-லிருந்து 7,511-ஐக் கழித்தால் 4,919. அதில் 61.8 சதவீதம் 3,040. அடியோடு கூட்டினால் 10,551. பாதி 9,971.

இப்போது ஒரு சங்கடத்தைப் பார்ப்போம். ஜனவரி உச்சிக்குப் பிறகு, பிப்ரவரி நடுவில் சுமார் 12,247-ல் இன்னொரு உச்சி இருக்கிறது. நிஜமான சரிவு அதன் பிறகுதான் வேகமெடுத்தது என்பதால் அங்கிருந்து கோடு போடுவதும் நியாயம்தான். அப்படிப் போட்டால் ஐம்பது சதவீதம் 9,879. ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,889 வரை ஏறி, அடுத்த வர்த்தக நாளிலேயே பெரும் சரிவுடன் திரும்பியது. ஆஹா, பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பொருந்திவிட்டது! ஜனவரி உச்சியை எடுத்தவருக்கோ அன்று எந்தக் கோடும் பேசவில்லை. பிப்ரவரி உச்சியை எடுத்தவருக்கு ஏப்ரலில் வெற்றி, அவருடைய 61.8 சதவீதமான 10,438-ஐ ஜூனில் சந்தை பெரிதாக மதிக்கவில்லை. ஒரே சார்ட், இரண்டு நியாயமான உச்சிகள், இரண்டு விதமான 'பலித்த' கதைகள்.

தற்செயலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஐந்து கோடுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே நூறு, கீழே நூறு புள்ளி வரை வந்தால் "தொட்டது" என்று ஏற்றுக்கொள்வோம். நிஃப்டி அளவில் அது பெரிய சலுகை இல்லை. ஐந்து கோடுகளும் சேர்ந்து ஆயிரம் புள்ளிகளைப் பிடித்துக்கொள்கின்றன. மொத்தத் தூரம் 4,919. ஆக, கண்ணை மூடிக்கொண்டு எங்கே திரும்பினாலும் ஐந்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு கோட்டருகில்தான் சந்தை திரும்பும். இரண்டாவது உச்சியின் கோடுகளையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கோடு மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

அதனால்தான் வேறு ஆதாரம் தேடுகிறோம். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆதாரம் கோட்டிலிருந்து பிறந்ததாக இருக்கக் கூடாது, கோட்டைப் பார்த்த பிறகு தேடிக் கண்டுபிடித்ததாகவும் இருக்கக் கூடாது. 20 நாள் சராசரி, 50 நாள் சராசரி, ஆர்.எஸ்.ஐ. என்று மூன்றைச் சேர்த்து "மூன்று ஆதாரம்" என்பவர்கள் உண்டு. மூன்றுமே அதே முடிவு விலைகளைப் பிசைந்து செய்தவை. ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போல.

10,551-க்கு வருவோம். ஏப்ரல் நடுவுக்குள் மார்ச் 24-தான் அடி என்பது ஓரளவு உறுதியாகிவிட்டதால், இந்தக் கோட்டை அப்போதே போட்டிருக்க முடியும். சார்ட்டில் இன்னொரு சுவடு அதற்கும் முந்தியே இருந்தது. மார்ச் 11 அன்று நிஃப்டி 10,545 வரை போய் 10,458-ல் முடிந்தது. அன்று இரவு உலக சுகாதார அமைப்பு கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மறுநாள் காலை சந்தை 10,040-ல் திறந்தது. முந்தைய நாளின் அடியான 10,334-க்கும் மறுநாள் உச்சமான 10,041-க்கும் நடுவே ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. இப்படி விடுபட்ட இடத்தைத்தான் கேப் என்கிறார்கள். மார்ச் 11 அன்று வாங்கியவர்கள் அத்தனை பேரும் விடிந்ததும் நஷ்டத்தில் இருந்தார்கள். விலை திரும்ப அங்கே வந்தால் "போட்ட பணம் வந்தால் போதும்" என்று விற்கக் காத்திருப்பவர்கள் அவர்கள். இது எந்தச் சதவீதத்திலிருந்தும் வந்ததில்லை. நிஜமாகப் பணம் மாட்டிக்கொண்ட இடம்.

இந்தச் சுவடு முதலில் வேலை செய்தது ஜூன் 8 அன்று. பாதிக் கோடான 9,971-ஐச் சந்தை ஜூன் முதல் வாரத்திலேயே பெரிய தயக்கம் இல்லாமல் தாண்டிவிட்டது. கேப்பின் கீழ் விளிம்பு பக்கத்திலேயே இருந்தும் தடுக்கவில்லை. ஆனால் 10,328-ல், கேப்பின் மேல் விளிம்புக்கு ஆறு புள்ளி கீழே, நின்றது. அங்கிருந்து நான்கே வர்த்தக நாளில் 9,544 வரை இறங்கியது. அந்த இடத்தில் எந்த ரிட்ரேஸ்மென்ட் கோடும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜூன் 24 அன்று இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. காலை 10,529-ல் திறந்த நிஃப்டி, 10,553 வரை போனது. கோட்டிலிருந்து இரண்டு புள்ளி. மார்ச் 11 உச்சத்திலிருந்து எட்டு. பிறகு நாள் முழுக்கச் சரிந்து 10,305-ல் முடிந்தது. முந்தைய நாள் கேண்டிலின் உடல் 10,348-லிருந்து 10,471 வரை. அன்றைய சிவப்பு கேண்டில் அதை மேலும் கீழும் முழுசாக விழுங்கிவிட்டது. வாங்குபவர்கள் காலையில் வைத்திருந்த பிடியை மாலைக்குள் இழந்தார்கள் என்பதைக் காட்டும் உருவம் இது. மூன்று ஆதாரங்கள், இரண்டு முன்கூட்டியே தெரிந்தவை, மூன்றாவது அந்த இடத்துக்கு வந்த பிறகு சந்தையே காட்டியது. வரிசையும் இப்படித்தான் இருக்க வேண்டும். விலை கோட்டை நெருங்கும்போதே விற்றுவிட்டு, கேண்டில் பிறகு ஒத்துழைக்கும் என்று காத்திருப்பது ஆதாரம் சேர்ப்பது ஆகாது.

பாடப் புத்தகமாக இருந்தால் இங்கே முடித்துவிடுவார்கள். சந்தை முடிக்கவில்லை. அடுத்த மூன்று நாளில் இறங்கியது 10,224 வரைதான். ஜூலை 2 அன்று முடிவு விலை 10,551.70. கோட்டைத் தசமம் வரை கணக்கிட்டால் 10,551.29, நாற்பது பைசா மேலே! இதை உடைப்பு என்பதா, தொடுதல் என்பதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மறுநாள் 10,607-ல் முடிந்து சந்தையே பதில் சொல்லிவிட்டது. நவம்பரில் பழைய உச்சியையும் தாண்டிவிட்டது. கோடு, மார்ச் உச்சம், கேண்டில் மூன்றும் சேர்ந்து வாங்கிக்கொடுத்தது மூன்று சதவீத இறக்கம், அதுவும் உச்சத்திலிருந்து அளந்தால்.

ஜூன் 24 மாலை முடிவு விலையில் விற்றவரின் கணக்கைப் போடலாம். எதிர்பார்ப்பு, பாதிக் கோடான 9,971 வரை இறங்கும் என்பது. லாபம் வந்தால் 334 புள்ளி. தவறு என்று ஒத்துக்கொள்ளும் இடம், 10,600-க்கு மேல் ஒரு முடிவு விலை. நஷ்டம் வந்தால் ஏறக்குறைய 300. ஒரு ரூபாய் ஆபத்துக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. கேண்டில் முடியும்வரை காத்திருந்ததற்குக் கொடுத்த விலை அது. ஜூலை 3 அன்று 10,607-ல் வெளியேறினால் 302 புள்ளி போயிருக்கும். அப்போது நிஃப்டியில் ஒரு லாட் 75. குறியீட்டு விலையிலேயே கணக்கிட்டால் ரூ. 22,650. ஒரு தடவைக்கு முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று வைத்திருப்பவருக்கு, இந்த ஒரு லாட்டை எடுக்கவே இருபத்திரண்டரை லட்சத்துக்கு மேல் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.