வார்த்தையைத் தள்ளினால் சுவர் திறக்கும்

வீடியோ கேம் செய்பவர்கள் கெடு வைத்துக்கொண்டு வேலை செய்யும் போட்டிதான் கேம் ஜாம். தொடக்கத்தில் ஒரு கருப்பொருளை அறிவிப்பார்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் அதையொட்டி, விளையாடிப் பார்க்கும் நிலையில் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். கருப்பொருளை முன்பே சொல்லிவிட்டால் சிலர் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் கடைசிவரை ரகசியமாக வைத்திருப்பார்கள்.

2017-இல் டென்மார்க்கில் நடந்த நார்டிக் கேம் ஜாமின் கருப்பொருள், 'அங்கே இல்லை'. ஃபின்லாந்துக்காரர் ஆர்வி டெய்க்காரி அதிலிருந்து 'இல்லை'யை மட்டும் பிடித்துக்கொண்டார். எரிமலைக் குழம்பில் கிடக்கும் பனிக்கட்டி உருகவில்லை. அது உருகாது என்று ஒரு வாக்கியம் இருப்பதுதான் காரணம். அவர் மனத்தில் தோன்றிய இந்தக் காட்சியிலிருந்து பிறந்த Baba Is You, அந்த ஜாமில் வென்றது.

அதில் தரையில் WALL, IS, STOP என்ற சொற்கள் கட்டைகளாக வரிசையில் கிடக்கும். அவை சேர்ந்திருக்கும்வரை சுவர் நம்மைத் தடுக்கும். பாபா என்ற குட்டிப் பிராணியை நகர்த்தி STOP-ஐத் தள்ளிவிட்டால், சுவரை ஊடுருவி நடந்து போகலாம். FLAG IS WIN என்றிருந்தால் கொடியைத் தொட்டு ஜெயிக்க வேண்டும். FLAG இருந்த இடத்தில் WALL-ஐக் கொண்டுவந்து வைத்தால் சுவரைத் தொட்டாலே ஜெயம். BABA IS YOU-வைக் கலைத்துவிட்டால், நாம் ஆட்டுவிக்க யாருமே மிஞ்சுவதில்லை.

ஜாமில் செய்யும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த வார இறுதியோடு சரி. பலவற்றில் வேடிக்கை ஒரே ஒரு திருப்பத்தில் இருக்கும். அதைப் பார்த்தபின் செய்ய ஏதுமிருக்காது. எது வளரும் என்பதை, விளையாடுபவரைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே ஊகிக்கலாம். கட்டம் முடிந்த பிறகும் 'இதை அங்கே தள்ளினால் என்ன ஆகும்?' என்று அவர் நோண்டிக்கொண்டே இருந்தால், அந்த ஒரே விதிக்குள் இன்னும் பல கட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. படம் அழகாக இருப்பதைவிட எனக்கு இதுதான் பெரிய அடையாளம்.

முழு விளையாட்டு 2019 மார்ச்சில், 200-க்கும் மேற்பட்ட கட்டங்களோடு வெளிவந்தது. இரண்டு நாள் வேலை இரண்டு ஆண்டாக நீள்வதில் வியப்பில்லை. இப்படிப்பட்ட விளையாட்டில் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் பழைய சொற்களோடு சேரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தாக வேண்டும். பத்துச் சொற்களில் 45 ஜோடிகள், இருபதானால் 190. நினைத்திராத ஏதோ ஒரு சேர்க்கை புதிரைக் குறுக்கு வழியில் முடித்துவிடும். அதனால், கலையக் கூடாத வாக்கியங்களைத் திரையின் மூலையில் ஒட்டி வைப்பார்கள். ஒரு கட்டையைத் தள்ள அதன் மறுபக்கத்தில் நிற்க இடம் வேண்டும். மூலையில் அந்த இடம் கிடைக்காது.