லயத்துத் தாங்கியில் எத்தனை லீற்றர்?

பொல்பிட்டியப் பக்கத்தில் மழை பிடித்துவிட்டால் மலையிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் கலங்கத் தொடங்கிவிடும். வயிற்றோட்டம், செங்கமாரி என்ற பயமும் கூடவே வரும். தாங்கிக்குக் குளோரின் தூள் போட வேண்டும் என்றால் பீ.எச்.ஐ. ஐயா முதலில் கேட்பது, "டாங்கி எவ்ளோ தண்ணி புடிக்கும்?" என்பதுதான். டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் எல்லாம் சரியாக அளந்துவிடுகிறோம். அளந்ததை லீற்றராக மாற்றும் இடத்தில்தான் கணக்குக் கவிழ்ந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கனவளவுப் பாடத்தில் இதே இடத்தில்தான் புள்ளியை இழக்கிறார்கள். ஆகவே, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இம்முறை எழுதுகிறோம்.

ஒரு சீமெந்துத் தாங்கியை எடுத்துக்கொள்வோம். உட்புற நீளம் 150 சென்ரிமீற்றர், அகலம் 120 சென்ரிமீற்றர், தண்ணீர் நிற்கும் ஆழம் 100 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கினால் 18,00,000 கன சென்ரிமீற்றர் வரும். இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதும் பலருக்கும் ஞாபகத்துக்கு வருவது, "நூறு சென்ரிமீற்றர் ஒரு மீற்றர்தானே" என்பது. உடனே நூறால் வகுத்து 18,000 லீற்றர் என்று எழுதிவிடுவார்கள்.

இன்னொருவர் வேறு விதமாகப் போவார். நீளமும் அகலமும் பெரிதாக இருக்கிறதே என்று அவற்றை 1.5 மீற்றர், 1.2 மீற்றர் என்று குறித்துக்கொள்வார். ஆழத்தை மட்டும் 100 என்று சென்ரிமீற்றரிலேயே விட்டுவிடுவார். 1.5ஐ 1.2ஆல் பெருக்கி, அதை 100ஆல் பெருக்கினால் 180. "180 லீற்றர்" என்று கொப்பியில் ஏறிவிடும்.

ஒரே தாங்கிதான். ஒருவருக்கு 18,000, மற்றவருக்கு 180. உண்மையில் அது பிடிப்பது 1800 லீற்றர். முதலாமவர் பத்து மடங்கு கூட்டிவிட்டார், இரண்டாமவர் பத்து மடங்கு குறைத்துவிட்டார். இரண்டு பேருமே பெருக்கலில் பிழை விடவில்லை என்பதுதான் வேடிக்கை.

நூறால் வகுப்பது ஏன் பிழை? பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்ரிமீற்றராக ஒரு சின்னப் பெட்டி ஒட்டிப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் கட்டைகளை அதன் அடியில் அடுக்கினால், ஒரு வரிசைக்கு 10 கட்டை, அப்படிப் பத்து வரிசை, ஆக 100 கட்டை. நூறு என்று நிறுத்துகிறவர் இந்த அடித்தட்டோடு நிறுத்திவிடுகிறார். பெட்டி நிரம்ப அதைப் போலப் பத்துத் தட்டு வேண்டும். அப்போது மொத்தம் 1000 கட்டை. அந்தப் பெட்டி பிடிக்கும் தண்ணீர்தான் ஒரு லீற்றர். ஆகவே கன சென்ரிமீற்றரை லீற்றராக்க 1000ஆல் வகுக்க வேண்டும். நூறு என்பது நீளத்துக்கு உரிய கணக்கு. தண்ணீருக்கு நீளத்தோடு அகலமும் ஆழமும் உண்டு.

கன சென்ரிமீற்றர் என்றதும் புதுப்பொருள் என்று நினைக்க வேண்டாம். ஊசி மருந்து ஏற்றும்போது மிஸ்ஸிமார் சொல்லும் "சீசீ" இதுதான். ஒரு சீசீயும் ஒரு மில்லிலீற்றரும் ஒன்றே. திரீவீலுக்கு 200 சீசீ எஞ்சின் என்றால், அதன் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் ஒரு லீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த அட்டைப்பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதை வைத்தே பூச்சியங்களை எண்ணாமல் கணக்குப் போடலாம். பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு அளவையும் 10ஆல் வகுத்துவிட்டால், அந்தப் பக்கத்தில் எத்தனை லீற்றர்ப் பெட்டி நிற்கும் என்று தெரிந்துவிடும். நமது தாங்கியில் நீளத்துக்கு 15 பெட்டி, அகலத்துக்கு 12, ஆழத்துக்கு 10. பதினைந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 180, பத்தால் பெருக்கினால் 1800. வந்த விடை நேரே லீற்றர்தான். பிள்ளைகளின் புத்தகத்தில் வருவது போல 40, 30, 25 சென்ரிமீற்றர்ப் பெட்டி என்றால் 4, 3, 2.5 என்று எடுத்துப் பெருக்க 30 லீற்றர். பரீட்சையில் 300 என்று எழுதிய பிள்ளையிடம், "தம்பி, பதினைஞ்சு 20 லீற்றர்க் கான் தண்ணி இந்தப் பொட்டிக்குள்ள போகுமா?" என்று கேட்டால் பிள்ளையே சிரித்துவிடும்.

தாங்கிக்கும் அப்படிக் கண்ணால் பார்க்கும் சோதனை உண்டு. எல்லாப் பக்கமும் ஒரு மீற்றராக உள்ள தாங்கி 1000 லீற்றர் பிடிக்கும். 1969 முதல் ஓடுகிற நமது பொல்பிட்டிய மின்நிலையத்தில் தண்ணீரைக் கணக்கிடும் கன மீற்றர் என்பதும் இதுவே. லயத்துத் தாங்கி அதைவிடக் கொஞ்சம் பெரியது, ஆனால் இரண்டு மடங்கு இல்லை. அப்படியென்றால் 180ஆகவும் இருக்க முடியாது, 18,000ஆகவும் இருக்க முடியாது. பழைய ஆட்கள் அதை "நானூறு கலன் டாங்கி" என்பார்கள். ஒரு கலன் நாலரை லீற்றர் என்று போட்டால் அவர்கள் சொல்வதும் 1800க்கே வந்து நிற்கிறது.

இனிக் குளோரின் தூள். தெளிந்த தண்ணீரில் 1000 லீற்றருக்கு நல்ல தூள் ஏறத்தாழ 2.5 கிராம் என்பது பொதுவான கணக்கு. நமது தாங்கிக்கு 4.5 கிராம் போதும். 18,000 என்று நம்பியவர் 45 கிராம் போட்டுவிடுவார். தூளில் நூற்றுக்கு முப்பது பங்கு குளோரின் என்றால், லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் மேல் எல்லையே 5 மில்லிகிராம்தான். நெடி தாங்காமல், "இந்தத் தண்ணி வேணாம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போவார்கள். பீலித் தண்ணீரில் எந்த மருந்தும் இல்லை.

180 என்று நம்பியவரின் பிழை இன்னும் மோசமானது. ஏனென்றால் அது மூக்குக்குத் தெரியாது. அவர் போடுவது அரைக் கிராமும் இல்லை. அந்தக் கொஞ்சக் குளோரினை தண்ணீரில் இருக்கும் அழுக்கே தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இராது. ஆனால், "மருந்து போட்டாச்சு" என்று லயமே நம்பி, கொதிக்க வைக்காமல் குடிக்கும். இதைக் கண்டுபிடிக்க வழி, தூள் கரைத்து அரை மணி நேரம் கழித்து பீ.எச்.ஐ. ஐயா செய்யும் பரிசோதனைதான். குழாய்த் தண்ணீரில் மாத்திரை போட்டதும் இளஞ்சிவப்பு நிறம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது. நிறமே வராவிட்டால் முதலில் தாங்கிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கணக்குச் சரியென்றால், தண்ணீர் அதிகம் கலங்கலாக இருக்கலாம், அல்லது வாய் திறந்து கிடந்த தூள் ஈரம் பட்டு வீரியம் போயிருக்கலாம். அப்போது எவ்வளவு கூட்டுவது என்பதை அவரே சொல்ல வேண்டும்.

அளக்கும்போது இரண்டு விசயம். டேப்பை உள்ளே பிடியுங்கள். நமது தாங்கியின் சுவர் 10 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால், வெளியே அளப்பவருக்கு நீளம் 170, அகலம் 140 என்று வந்து, இல்லாத 580 லீற்றர் கணக்கில் ஏறிவிடும். ஆழத்தை, தூள் போடும் அன்று தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கே அளக்க வேண்டும். தண்ணீர் 60 சென்ரிமீற்றர்தான் நிற்கிறது என்றால், 15, 12, 6 என்று பெருக்கி 1080 லீற்றர், தூள் 2.7 கிராம். இந்த எடையைக் கரண்டியால் குத்துமதிப்பாக எடுக்க முடியாது. தோட்டத்து டிஸ்பென்சரித் தராசில் நிறுத்துத் தரச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கள்.