வலது கை எங்கே இருக்கிறது?

டிவியில் ஹாக்கி பார்க்கும்போது நம் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு, பந்து வைத்திருப்பவரின் வலது கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். அந்தக் கை மட்டையின் நடுப்பக்கமாக இருந்தால் வரப்போவது பெரும்பாலும் புஷ். அது மேலே ஏறி இடது கையோடு ஒட்டிக்கொண்டால் ஹிட். எதிரணியின் பின்வரிசை ஆட்டக்காரர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டையும் காதாலேயே பிரித்துவிடலாம். ஹிட்டில் மட்டை பின்னால் போய் வீசி வந்து பந்தில் மோதுகிறது. ‘டக்’ என்ற அந்தச் சத்தம் கேலரி வரை கேட்கும். புஷ்ஷில் பந்து தொடக்கத்திலிருந்தே மட்டையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். மட்டை பின்னால் போவதே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. புஷ் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பையன் அனுப்பும் பந்தில் சின்னதாக ஒரு ‘டொக்’ கேட்டால், பந்துக்கும் மட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பயிற்சியாளர் அந்தப் பக்கம் திரும்பாமலே பிழையைச் சொல்லிவிடுவார்.

புஷ்ஷுக்கான பிடி, பந்தை உருட்டிக்கொண்டு ஓடும்போது இருக்கும் அதே பிடிதான். இடது கை மட்டையின் உச்சியில், வலது கை கைப்பிடித் துணி முடியும் இடத்துக்கு அருகில். நின்றபடி நீளக் கம்பு விளக்குமாற்றால் தெருக் கூட்டுகிறவர்களின் கைகள் எப்படி இருக்கின்றனவோ, அப்படி. மேல் கை அச்சு மாதிரி நிற்க, கீழ்க் கை தள்ளுகிறது. இடது தோள் பந்து போகவேண்டிய திசையைப் பார்க்க வேண்டும், கால்கள் தோள் அகலத்துக்கும் சற்று அதிகமாக விரிந்து முழங்கால் மடிந்திருக்க வேண்டும். உடல் எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு நகரும்போது பந்தும் கூடவே நகர்கிறது. கடைசி நொடியில் வலது கை முன்னே தள்ள, இடது கை லேசாகத் தன் பக்கம் இழுக்கும். பந்து விடுபடுவது ஏறத்தாழ இடது பாதத்துக்கு நேராக.

இந்த இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இடது கையிலிருந்து மட்டைத் தலை வரை 85 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வலது கை இடது கைக்குக் கீழே 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. இடது கை அசையாமல் நிற்க, வலது கை 1 செ.மீ. நகர்ந்தால் மட்டைத் தலை சுமார் இரண்டரை செ.மீ. நகரும். இடைவெளியை 20 செ.மீ. ஆகக் குறைத்தால் அதே 1 செ.மீ.க்குத் தலை நாலு செ.மீ.க்கும் மேலே போகும். கைகள் நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது, கூடவே கையின் நடுக்கமும் பெரிதாகிறது. விலக விலக மட்டை சொன்னபடி கேட்கிறது, ஆனால் வேகம் குறைகிறது. அதற்காக வலது கையை மிகவும் கீழே இறக்கினாலும் உதவாது. முதுகு வளைந்து, தலை கவிழ்ந்து, பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

ஹிட்டில் இந்தக் கணக்கே வேறு. இரண்டு கைகளும் மட்டையின் உச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தள்ளுவதற்கு இடைவெளி இல்லை, அதனால் வேகம் தோளிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் வரவேண்டும். மட்டை முழு நீளத்துக்கும் சுழல்கிறது, பந்தைத் தொடும்போது தலைதான் மிக வேகமாகப் போகிறது. மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் 55 மீட்டர். அந்தத் தூரத்துக்கு, நடுவில் யாரும் வெட்டாதபடி பந்தை அனுப்பப் புஷ் போதாது. ஆனால் மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ அதுதான் முடிவு. புஷ்ஷில் பந்து மட்டையோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் பயணிப்பதால் வழியிலேயே திருத்திக்கொள்ள இடமிருக்கிறது.

பள்ளி அணிகளில் அடிக்கடி காணும் பிழை, கைகளை விலக்கி வைத்துக்கொண்டே ஹிட் அடிப்பது. ஓடிவந்த பிடியிலேயே, வலது கையை மேலே ஏற்றாமல் வீசிவிடுகிறார்கள். வலது கை கீழே இருந்து தூக்குவதால் பந்து எழும்பும். கோலை நோக்கி அடிப்பதைத் தவிர வேறெங்கும் ஹிட்டால் பந்தை வேண்டுமென்றே தூக்குவது விதிப்படி தவறு. வேண்டாமல் தூக்கினாலும், பந்து யாருக்காவது ஆபத்தாகப் போனால் நடுவர் விசில் ஊதிவிடுவார். பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது, கல்லுபோல் இருக்கும். முழங்காலில் பட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி கோணம். மட்டைக்கு இரண்டு விதமான சாய்வு உண்டு, புதிதாக ஆடுகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது, கைப்பிடி முன்னால் சாய்கிறதா பின்னால் சாய்கிறதா என்பது. பந்து விடுபடும்போது கைகள் பந்துக்கு முன்னால் இருந்தால் மட்டையின் முகம் லேசாகக் கீழே பார்க்கும், பந்து தரையோடு தரையாகப் போகும். கைகள் பின்தங்கித் தலை முந்திக்கொண்டால் முகம் மேலே பார்க்கும், பந்து துள்ளும். இரண்டாவது, மட்டை தன் தண்டைச் சுற்றித் திரும்புவது. ஹாக்கி மட்டைகள் எல்லாமே வலக்கை வாட்டத்துக்குச் செய்தவை, இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. அதனால் இது எல்லாருக்கும் ஒன்றுதான்: வளைந்த நுனி முந்தினால் பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், நுனி பிந்தினால் வலப்பக்கம் வழுக்கும்.

இதை வைத்து, பந்து போன திசையிலிருந்தே நின்ற இடத்தின் தவறைக் கண்டுபிடிக்கலாம். ஹிட்டில் பந்து துள்ளி இடப்பக்கம் போகிறதா? பந்து இடது பாதத்தைத் தாண்டி வெகு முன்னால் இருந்திருக்கிறது, மட்டை மேலே ஏறத் தொடங்கி முகம் மூடிக்கொண்ட பிறகுதான் தொட்டிருக்கிறது. தரையில் அமுங்கி வலப்பக்கம் போகிறதா? பந்து வெகு பின்னால், வலது கால் பக்கமாக இருந்திருக்கிறது. இரண்டுக்கும் கையைத் திருத்திப் பயனில்லை. ஒரு பாதத்தை நகர்த்தினால் சரியாகிவிடும். ‘மணிக்கட்டைத் திருப்பு’ என்று கத்துகிற பயிற்சியாளர்கள் ஒரு தடவை மாணவனின் காலைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இவை எல்லாம் ஒரே நொடியில் கூடிவரும் இடம் பெனால்டி கார்னர். பந்தை உள்ளே அனுப்புகிறவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் நிற்கிறார். ஒரு காலாவது கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ‘டி’ வட்டத்தின் உச்சிக்கு வெளியே ஒருவர் பந்தை நிறுத்தக் காத்திருக்கிறார். அளந்து பார்த்தால் இருவருக்கும் இடையே சுமார் 19 மீட்டர். கோல் கீப்பரையும் சேர்த்து எதிரணியினர் ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்து கிளம்பியதும் பாய்ந்து வருவார்கள்.

பந்தை நிறுத்துகிறவர் மட்டையைத் தரையில் படுக்கப் போட்டுத்தான் நிறுத்துவார். அது அடைக்கும் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அனுப்புகிறவரின் மட்டை முகம் ஒரு டிகிரி பிசகினால் 19 மீட்டர் தூரத்தில் பந்து 33 செ.மீ. விலகும், அதை எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்று டிகிரி பிசகினால் ஒரு மீட்டர். கார்னர் அதோடு போச்சு. பந்து ஒரு விரற்கடை துள்ளினாலும் படுத்திருக்கும் மட்டையைத் தாண்டிவிடக்கூடும். விதிப்படி இங்கே ஹிட்டும் அடிக்கலாம். ஆனாலும் பெரிய அணிகளில் அனுப்புகிறவர்கள் நீளமான புஷ்ஷைத்தான் நம்புகிறார்கள். மிகத் தாழ்ந்து உட்கார்ந்து, பந்தை வலது கால் பக்கத்திலிருந்தே மட்டையோடு இழுத்துவந்து, கைகள் பந்துக்கு முன்னால் இருக்கும்போதே விடுகிறார்கள். மட்டை பின்னால் போகாததால், கோட்டில் காத்திருப்பவர்களுக்கு ‘இதோ கிளம்புகிறது’ என்ற முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் உச்சியை அடைய ஒன்றேகால் நொடி ஆகும். பாய்ந்து வருகிறவருக்கு அதில் கால் நொடி கூடுதலாகக் கிடைத்தாலும் பெரிய லாபம்.

அடுத்து கோலை நோக்கி அடிப்பதிலும் இதே போட்டி தொடர்கிறது. கார்னரில் முதலில் அடிக்கும் ஷாட் ஹிட்டாக இருந்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அது கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம். பந்தை மட்டையோடு இழுத்துவந்து தூக்கி வீசும் ஃப்ளிக்குக்கு, ஆபத்தில்லாத வரை, அந்த உச்சவரம்பு கிடையாது. டிராக் ஃப்ளிக் இவ்வளவு வளர்ந்ததற்கு அந்த விதி ஒரு முக்கியக் காரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் போட்ட ஹர்மன்பிரீத் சிங்கின் பெரிய ஆயுதமும் இதுதான். கூர்ந்து பார்த்தால் அவர் கைகளும் விலகித்தான் இருக்கும். புஷ்ஷையே நீட்டி, கடைசியில் கைகளைப் பின்னால் விட்டு முகத்தைத் திறந்தால் கிடைப்பதுதான் ஃப்ளிக்.

தரை மாறியதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். கோவில்பட்டி போன்ற ஹாக்கி ஊர்களில் மண் மைதானத்தில் கற்றுக்கொண்ட தலைமுறைக்குத் தெரியும், மண்ணில் புஷ் செய்த பந்து பத்து மீட்டர் போவதற்குள் ஒரு கல்லில் ஏறிக் குதித்துத் திசைமாறும். அங்கே பலமாக அடிப்பதே பாதுகாப்பு. தண்ணீர் தெளித்த டர்ஃபில் புஷ் செய்த பந்து கோடு போட்டாற்போல் போகிறது, அதனால் பின்வரிசையில் ஒருவருக்கொருவர் புஷ் செய்துகொண்டே ஆட்டத்தைக் கட்டமைக்க முடிகிறது.

ஆனால் வலது கையைப் பார்த்தே எதிரணி கண்டுபிடித்துவிடுமே, அதற்கு என்ன செய்வது? அதற்குத்தான் ஸ்லாப். கைகளைச் சேர்த்துக்கொண்டு, ஆனால் உச்சிக்குப் போகாமல் கொஞ்சம் கீழேயே பிடித்து, மட்டையைத் தரையை ஒட்டிக் குறைந்த தூரம் மட்டும் பின்னே இழுத்து விளாசுவது. வலது கை போகவேண்டிய தூரம் குறைகிறது, முழு ஹிட்டின் வேகத்தில் பெரும்பகுதியும் கிடைக்கிறது. மட்டை நெடுந்தூரம் தரையோடு வருவதால் பந்தை எந்தப் புள்ளியில் தொட்டாலும் அவ்வளவாகத் துள்ளாது, ஆனால் பந்து முன்னே பின்னே இருந்தால் இடமோ வலமோ பிசகுவது அப்படியேதான் இருக்கும். இது டர்ஃபில்தான் எடுபடும். மண் தரையில் அப்படி வீசினால் மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணில் இடித்து நின்றுவிடும், மணிக்கட்டுதான் வலிக்கும்.