உங்களுக்குத் தெரியுமா? புயலும் விளம்பரப் பலகையும்

12-12-2016 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 120 கி.மீ. அளவில் இருந்தது. அந்தக் காற்று 40 அடி அகலம், 20 அடி உயரமுள்ள விளம்பரப் பலகையை எவ்வளவு பலமாகத் தள்ளும் தெரியுமா? ஏறக்குறைய 6 டன்!

கணக்கு எளிது. வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றி, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் காற்றின் இயக்க அழுத்தம் கிடைக்கும். 120 கி.மீ. என்பது நொடிக்கு 33.3 மீட்டர், அழுத்தம் சதுர மீட்டருக்கு 667 நியூட்டன். பலகையைத் தோராயமாக 12 × 6 மீட்டர் என்று கொண்டால் பரப்பு 72 சதுர மீட்டர். அழுத்தத்தைத் தட்டைப் பலகைக்கான இழுவைக் கெழு 1.2-ஆலும், இந்தப் பரப்பாலும் பெருக்கினால் சுமார் 57,600 நியூட்டன், அதாவது 5.9 டன்.

அந்த 1.2 ஏன் 1-ஐத் தாண்டுகிறது? முன்னால் மோதும் காற்று தள்ளுவது மட்டுமல்ல, பின்பக்கம் உண்டாகும் தாழ்வழுத்தம் பலகையை உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது. மொத்த விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பின்னிழுப்புதான்.

ஆனால் பலகையைச் சாய்ப்பது விசை மட்டுமல்ல, அது எவ்வளவு உயரத்தில் பிடித்துத் தள்ளுகிறது என்பதும்தான். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 12 மீட்டரில் இருக்கிறது, அஸ்திவாரம் 1.5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கவிழ்ப்புத் திருப்புத்திறன் 5.9 × 13.5, அதாவது சுமார் 80 டன்-மீட்டர். அஸ்திவாரம் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கான்கிரீட் என்றால், இரும்போடு சேர்த்து எடை 64 டன். கவிழும் விளிம்பிலிருந்து அந்த எடை 2 மீட்டர் தள்ளி இருப்பதால், எதிர்த்து நிற்பது 128 டன்-மீட்டர். பலகை தப்பித்தது.

அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம். வானிலை மையம் சொல்லும் புயல் வேகம் 3 நிமிடச் சராசரி. இடையில் சில நொடிகள் வீசும் காற்று வீச்சு அதைவிட அதிகம். சென்னைக்கு இந்தியத் தர விதி IS 875 குறிக்கும் அடிப்படை வேகம் 3 நொடி வீச்சுக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு: கவிழ்ப்பு சுமார் 180 டன்-மீட்டராகிவிடும், 128 போதாது. காகிதக் கணக்கிலேயே மணிக்கு 152 கி.மீ.யில் இந்தப் பலகை சாய்ந்துவிடும். மழையில் ஊறிய மண் அஸ்திவார விளிம்பில் அமுங்கினால் அதற்கும் முன்பே.

ஒற்றைத் தூண் பலகைக்கு இன்னொரு தொல்லை. காற்று சாய்வாக வீசினால் அழுத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கி, தூணை முறுக்கும். அடித்தகட்டின் போல்ட்டுகள் அப்போதுதான் சோதிக்கப்படுகின்றன.

புயல் எச்சரிக்கை வந்ததும் பிளக்ஸை அவிழ்க்கச் சொல்வது இதனால்தான். வெறும் இரும்புச் சட்டத்தின் மேல் விழும் விசை, கம்பிகளின் நெருக்கத்தைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையும்; நம் பலகை அப்போது 180 கி.மீ. காற்றிலும் நிற்கும். பிளக்ஸுக்குப் பதில் தகடு அடித்த பலகையில் இந்த வழி கிடையாது.